வினாத்தாளை நீங்களே எழுதும் இரண்டு நிமிடம்

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று நேர்முகத் தேர்வில் கேட்கிறவர், பல சமயம் உங்கள் ரெஸ்யூமேயை அதுவரை படித்திருக்க மாட்டார். கல்லூரிகளுக்கு ஆள் எடுக்கப் போன குழுக்களில் பல வருடங்கள் உட்கார்ந்தவன் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். ஒரு நாளில் நாற்பது ஐம்பது பேரைப் பார்க்க வேண்டியிருக்கும். முந்தைய பையன் எழுந்துபோன நாற்காலியில் அடுத்தவர் வந்து உட்காரும்போதுதான் அவருடைய காகிதம் எங்கள் கைக்கு வரும். அதைப் படிக்க இரண்டு நிமிடமாவது வேண்டும். அந்த நேரத்தைச் சம்பாதிப்பதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கேள்வி.

ஆகவே நீங்கள் பேசத் தொடங்கும்போது எதிரே இருப்பவரின் காது உங்களிடமும் கண் காகிதத்திலும் இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், சிஜிபிஏ, ப்ராஜெக்ட் தலைப்பு என்று கண் வரிசையாக இறங்கிக்கொண்டிருக்கும். காகிதத்தில் இல்லாத ஏதோ ஒன்று காதில் விழுந்தால் அந்தக் கண் நிமிரும். அடுத்த கேள்வி பெரும்பாலும் நிமிர்ந்த இடத்திலிருந்துதான் வரும்.

நடப்பது என்ன? "மைசெல்ஃப் இன்னார், ஐ ஆம் ஃப்ரம் இன்ன ஊர், மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், மை மதர் இஸ் எ ஹோம்மேக்கர், பத்தாவதில் இவ்வளவு, பன்னிரண்டாவதில் இவ்வளவு, மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்ட் ஒர்க், மை ஹாபி இஸ் லிசனிங் டு மியூசிக், தட்ஸ் ஆல் அபௌட் மீ சார்." பெயரை மாற்றினால் அடுத்தவருக்கும் பொருந்தும். 'மைசெல்ஃப்' என்று தொடங்குவது ஆங்கிலத்தில் தவறுதான். ஆனால் அதற்காக ஒருவரைத் தள்ளியதாக எனக்கு நினைவில்லை. காகிதத்தில் இருப்பதையே வாயாலும் படித்தார் என்பதுதான் சிக்கல். கண் ஒரு முறைகூட நிமிராது. கேட்பதற்கு ஒன்றும் கிடைக்காதபோது நாங்கள் என்ன செய்வோம்? "உனக்குப் பிடித்த பாடம் எது?" என்போம். வேலை தேடுகிறவருக்கு இதைவிட ஆபத்தான கேள்வி கிடையாது. நான்கு வருடப் பாடத்திட்டத்தின் எந்த மூலையிலிருந்து அடுத்த கேள்வி பாயும் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அந்த இரண்டு நிமிடத்தில் நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ, பெரும்பாலும் அதுவே அடுத்த பத்து நிமிடத்தின் வினாத்தாள். ஆரம்ப அபிப்பிராயம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஆய்வும் காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் மரே பேரிக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, முறையான கேள்விகள் தொடங்கும் முன் நடக்கும் அறிமுகப் பேச்சில் உண்டாகும் அபிப்பிராயத்துக்கும், கடைசியில் தரும் மதிப்பீட்டுக்கும் வேலை அழைப்புக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டது.

நான் பயிற்சி கொடுத்த ஒரு பெண்ணின் அறிமுகத்தை எடுத்துக்கொள்கிறேன். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இறுதியாண்டு. கோவையில் பம்ப் செட்டுகளுக்கான கன்ட்ரோல் பெட்டி தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருந்தார். முதல் நாள் அவர் சொல்லிக் காட்டியது மேலே உள்ள பாட்டுதான், ஒரு வரி கூடுதலாக: "மை ஏரியா ஆஃப் இன்ட்ரஸ்ட் இஸ் ஐஓடி அண்ட் மெஷின் லேர்னிங்." நாற்பத்தெட்டு விநாடியில் முடிந்துவிட்டது.

"ப்ராஜெக்ட் என்னம்மா?" என்று கேட்டேன்.

"மோட்டார் ட்ரை ரன் ப்ரொடெக்‌ஷன், சார்."

"எதுக்கு அதை எடுத்தீங்க?"

கொஞ்சம் தயங்கினார். "எங்க வீட்டு போர் மோட்டார் ரெண்டு தடவ காயில் போயிடுச்சு, சார். தண்ணி இல்லாம ஓடி."

அந்த இடத்தில் நான் பேனாவை எடுத்தேன். அடுத்த அரை மணி நேரம் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டதன் சாரம் இது. ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்கியிருக்கும் நீர்மூழ்கி மோட்டாருக்குச் சுற்றியுள்ள தண்ணீர்தான் குளிர்ச்சி. தண்ணீர் இறங்கிய பிறகும் ஓடினால் சூடேறி காயில் கருகும். தண்ணீரைத் தூக்கும் பாரம் இல்லாதபோது மோட்டார் இழுக்கும் மின்னோட்டமும் குறையும். அவர்கள் வீட்டு ஐந்து குதிரைத்திறன் மோட்டார் தண்ணீர் ஏற்றும்போது எட்டு ஆம்பியர் அளவில் இழுத்தது, வெறுமனே ஓடும்போது நான்கைந்துக்கு இறங்கியது. ஆறுக்குக் கீழே போனால் மோட்டாரை நிறுத்திவிடும்படி ஒரு கரன்ட் சென்சாரையும் சிறிய மைக்ரோகன்ட்ரோலரையும் வைத்து நான்கு பேர் சேர்ந்து ஒரு பெட்டி செய்திருக்கிறார்கள். கல்லூரி ஆய்வகத்தில் அருமையாக வேலை செய்தது. வீட்டில் மாட்டிய முதல் நாளே ஏழு தடவை மோட்டாரை நிறுத்தியது, தண்ணீர் இருக்கும்போதே. அப்பா பொறுமையிழந்து பெட்டியைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டார்.

"அப்புறம்?"

"நான் ரெண்டு நாள் மோட்டார் ரூம்ல மீட்டரப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன், சார். நடுநடுவுல தண்ணியோட காத்தும் கலந்து வரும். அப்ப கரன்ட் சில செகண்டு டக்குனு இறங்கிட்டு ஏறிரும். அதத்தான் பெட்டி ட்ரை ரன்னுனு நினைச்சிருக்கு. பன்னெண்டு செகண்டு தொடர்ந்து குறைஞ்சிருந்தாத்தான் நிறுத்தணும்னு ப்ரோக்ராம மாத்துனேன்."

இவ்வளவும் கையில் இருக்க, மெஷின் லேர்னிங்கில் ஆர்வம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏனென்று கேட்டால், பக்கத்து பெஞ்சுப் பெண் அப்படித்தான் சொல்கிறாளாம்.

மறுநாள் நாங்கள் உருவாக்கிய அறிமுகம் இது. நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்தில் சொன்னார், இங்கே தமிழில் தருகிறேன்.

"வணக்கம் சார். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம் என் ஊர். இந்தக் கல்லூரியில் இசிஇ இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் தோட்டத்து போர் மோட்டார், தண்ணீர் இல்லாமல் ஓடி இரண்டு முறை காயில் எரிந்தது. அதனால்தான் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு ட்ரை ரன் பாதுகாப்புப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தோம். நான்கு பேர் கொண்ட குழுவில் ப்ரோக்ராமும் வீட்டில் வைத்துச் சோதித்ததும் என் பொறுப்பு. மோட்டார் இழுக்கும் கரன்ட் ஆறு ஆம்பியருக்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்பது திட்டம். ஆய்வகத்தில் சரியாக இருந்தது. வீட்டில் மாட்டிய முதல் நாள், தண்ணீர் இருக்கும்போதே ஏழு முறை நிறுத்தியது. அப்பா பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டார். இரண்டு நாள் மீட்டரைப் பார்த்து எழுதினேன். தண்ணீரோடு காற்று வரும்போது கரன்ட் சில விநாடி மட்டும் இறங்கி ஏறுவது தெரிந்தது. பன்னிரண்டு விநாடி தொடர்ந்து குறைந்தால் மட்டும் நிறுத்தும்படி மாற்றினேன். அதன்பிறகு பத்து நாள் ஓட்டிப் பார்த்ததில் ஒரு முறைகூடத் தவறாக நிற்கவில்லை. உங்கள் நிறுவனம் இதே வேலையைச் செய்யும் கன்ட்ரோல் பெட்டிகளைச் செய்கிறது. தோட்டத்தில் மாட்டிய பிறகு அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கிற சோதனைப் பிரிவில் வேலை கற்றுக்கொள்ள விரும்புகிறேன்."

அவ்வளவுதான். 'தட்ஸ் ஆல்' கிடையாது. வேலையின் பெயரைச் சொன்ன இடத்தில் வாயை மூடிவிட வேண்டும். முடித்த பிறகு இரண்டு மூன்று விநாடி மௌனம் வரும். பழக்கமில்லாதவர்களுக்கு அது இரண்டு மணி நேரம்போல இருக்கும், பயந்துபோய் ஹாபியைச் சேர்ப்பார்கள். அந்த மௌனத்தில்தான் எதிரே இருப்பவர் முதல் கேள்வியை யோசிக்கிறார். அவரை யோசிக்க விடுங்கள்.

இதில் என்ன இல்லை என்று பாருங்கள். மதிப்பெண் இல்லை, அது காகிதத்தில் இருக்கிறது. 'கடின உழைப்பாளி' இல்லை, மோட்டார் ரூமில் இரண்டு நாள் உட்கார்ந்தது அதைச் சொல்லிவிடுகிறது. அப்பா விவசாயி என்ற வரியும் இல்லை, ஆனால் அப்பா இருக்கிறார், பெட்டியைக் கழற்றுகிறார். குடும்பத்தைப் பற்றிச் சொல்லலாமா கூடாதா என்று பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். வேலையோடு சேர்ந்து வந்தால் வரட்டும், தனியாக ஒரு பட்டியலாக வேண்டாம் என்பேன். முதல் பட்டதாரி என்பதும் அப்படியே. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் வாசலிலேயே அதை வைத்தால் எதிரே இருப்பவருக்கு உங்கள் வேலையைப் பற்றிக் கேட்க அதில் எதுவும் கிடைக்காது.

அரியர் பற்றியும் கேட்பார்கள். ஒரு காலத்தில் இருந்து இப்போது முடித்துவிட்டீர்கள் என்றால், அறிமுகத்தில் அதை நீங்களாக எடுக்க வேண்டியதில்லை. கேட்டால் எந்தப் பாடம், எப்போது முடித்தீர்கள் என்று ஒரு வாக்கியத்தில் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் சும்மா இருந்திருந்தால் மட்டும் நீங்களே ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. அந்த இடைவெளி காகிதத்தில் எப்படியும் கண்ணில் படும்.

'நாங்கள்' என்ற சொல்லையும் கவனியுங்கள். குழு ப்ராஜெக்ட் என்றால் முழுக்க 'நாங்கள் செய்தோம்' என்றே பேசிவிடுவார்கள். அது பணிவு என்று அவர்கள் நினைக்கிறார்கள். எதிரே இருப்பவருக்கு இவர் அதில் எதையும் செய்யவில்லை போலும் என்று தோன்றும். திட்டத்தைச் சொல்லும்போது நாங்கள், கை வைத்த இடத்தைச் சொல்லும்போது நான்.

இனி நேரம். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 130 சொல் வரும். இரண்டு நிமிடத்துக்கு 260. ஆனால் எண்ணி 260 எழுதாதீர்கள். மூச்சு விடவும், எதிரே ஒருவர் தலையாட்டும்போது நிற்கவும் இடம் வேண்டும். 220 போதும், ஏ4 தாளில் அரைப் பக்கத்தைத் தாண்டாது. தமிழில் பேசும் தேர்வு என்றால் நம் சொற்கள் நீளமானவை, எண்ணிக்கை இன்னும் குறையும். செல்போனில் பதிவு செய்து கேட்டால் சரியான கணக்கு தெரிந்துவிடும். பதற்றத்தில் எல்லோரும் வேகமாகப் பேசுவார்கள் என்பதால், வீட்டில் இரண்டு நிமிடம் வருவது அங்கே ஒன்றே முக்காலில் முடியும். பரவாயில்லை. இரண்டரையைத் தாண்டினால்தான் எங்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

எழுதியதை அப்படியே மனப்பாடம் செய்வதுதான் பலரையும் கவிழ்க்கிறது. மனப்பாடம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறோம் தெரியுமா? நடுவில் ஒரு சின்னக் கேள்வி கேட்போம். "எத்தனை குதிரைத்திறன் மோட்டார்?" என்று. மனப்பாடம் செய்தவர் பதில் சொல்லிவிட்டு விட்ட இடம் தெரியாமல் நிற்பார், அல்லது முதல் வரிக்குத் திரும்பிப் போவார். வீடியோ நேர்காணலில் இன்னும் சுலபம், திரையில் ஒட்டிய தாளைக் கண் இடமிருந்து வலமாக வாசிப்பது அப்படியே தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன வழி அவர் தினம் பார்க்கும் பஸ். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிற கண்டக்டர் வழியை மனப்பாடமாக ஒப்பிப்பதில்லை. பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர் என்று நிறுத்தங்கள் அவருக்குத் தெரியும். நடுவில் யாராவது சில்லறைக்குச் சண்டை போட்டாலும் அடுத்த நிறுத்தம் மறக்காது. இவருக்கும் நான்கு நிறுத்தங்கள் வைத்தோம்: எரிந்த காயில், ஏழு தடவை நின்றது, பன்னிரண்டு விநாடி, சோதனைப் பிரிவு. இந்த நான்கையும் தவிர மற்ற வாக்கியங்கள் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வரலாம். வர வேண்டும். பிறகு அவருடைய தோழியை எதிரே உட்காரவைத்து, பேச்சின் நடுவே மூன்று இடத்தில் வேண்டுமென்றே குறுக்கே பேசச் சொன்னேன். முதல் முறை தடுமாறினார், நான்காவது முறை பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்துக்குத் தானாகப் போனார்.

இவரே ஒரு மென்பொருள் நிறுவனத்தின் தேர்வுக்கும் போக வேண்டியிருந்தது. அங்கே பம்ப் செட் யாருக்கு வேண்டும் என்று கவலைப்பட்டார். கதை அதேதான், அழுத்தம் மட்டும் இடம் மாறியது. சென்சார் பற்றிய வரிகள் சுருங்கின. ஆய்வகத்தில் சரியாக ஓடிய ப்ரோக்ராம் வெளியே ஏன் தவறியது, அதை எப்படித் தேடிக் கண்டுபிடித்தார், திருத்திய பிறகு எத்தனை நாள் ஓட்டிச் சரிபார்த்தார் என்பவை நீண்டன. கடைசி வரி மட்டும் 'டெஸ்டிங் பிரிவு' என்று முடிந்தது. ஒரே அறிமுகத்தை எல்லா நிறுவனத்துக்கும் கொண்டுபோகிறவர்கள் இந்தக் கடைசி இருபது விநாடியில்தான் தோற்கிறார்கள்.

"என்னிடம் இப்படி ஒரு ப்ராஜெக்ட் இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்குவது எல்லா ஊரிலும் நடக்கிறது. வாங்கியது என்றால் தயவுசெய்து அதன்மேல் அறிமுகத்தைக் கட்டாதீர்கள். வேறு எங்காவது கை வைத்திருப்பீர்கள், அதைத் தேடுங்கள். பி.காம் படித்த ஒரு பையன் விடுமுறை நாட்களில் மாமாவின் மளிகைக் கடையில் கணக்குப் போட்டிருக்கிறார். அதைச் சொன்னால் கேவலம் என்று நினைத்து மறைத்தார். தோண்டிக் கேட்டபோது, மாதக் கடைசியில் கம்ப்யூட்டரில் எண்ணெய் இருப்பு எப்போதும் மைனஸில் காட்டியதாம். இவர்தான் காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். எண்ணெய் பதினைந்து கிலோ டின்னாக வரும். அதைப் பதினைந்து லிட்டர் என்று பதிந்திருந்தார்கள். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, பதினைந்து கிலோ என்பது பதினாறரை லிட்டர் அளவில் வரும். லிட்டர் கணக்கில் விற்கும்போது ஒவ்வொரு டின்னுக்கும் ஒன்றரை லிட்டர் கணக்கில் இல்லாத எண்ணெய் விற்றதாகக் காட்டியது. கணக்கு வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட நல்ல இரண்டு நிமிடம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. மளிகைக் கடை என்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும் மீதம் இருக்கிறது. வினாத்தாளை நீங்கள் எழுதுகிறீர்கள் என்றால் விடையும் உங்களிடம் இருக்க வேண்டும். அறிமுகத்தில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அடுக்கடுக்காக மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். கரன்ட் சென்சார் என்றால்: எந்த சென்சார், அது எப்படி மின்னோட்டத்தை அளக்கிறது, மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரன்ட் பாயுமே, அப்போது என்ன ஆகும்? அந்தப் பெண் பயன்படுத்தியது ஏசிஎஸ்712 என்ற சில்லு. ஹால் விளைவில் வேலை செய்வது என்று சொன்னார், ஸ்டார்ட் ஆகிற சில விநாடிகளை ப்ரோக்ராம் கணக்கில் எடுப்பதில்லை என்றும் சொன்னார். மூன்று படி இறங்க முடிந்தது. மெஷின் லேர்னிங் என்ற சொல்லுக்கு முதல் படியிலேயே நின்றுவிட்டார். அதனால்தான் அதை வெட்டினோம். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத சொல், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அறிமுகத்தில் இருக்கக் கூடாது.

கோவையில் அவரைத் தேர்வு செய்தவர்கள் மூன்று பேர். அவர் பேசி முடித்ததும் நடுவில் இருந்த பெரியவர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதல் கேள்வியாக, "அப்பா பெட்டிய மறுபடி மாட்ட விட்டாரா, இல்லையாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"விட்டார் சார். ஆனா பெட்டி மக்கர் பண்ணினா நேரா மோட்டார் போடறதுக்கு ஒரு பைபாஸ் சுவிட்ச் வெச்சாத்தான் மாட்ட விடுவேன்னுட்டார்."

அடுத்த பதினைந்து நிமிடமும் அந்த பைபாஸ் சுவிட்சைப் பற்றித்தான் பேசினார்களாம். பிடித்த பாடம் எது என்று யாரும் கேட்கவில்லை.